பத்து மணி தாண்டினால் உயரம் போய்விடுமா?

"டாக்டர், இவன் பதினோரு மணிக்கு முன்னாடி தூங்குவதே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் பத்திலிருந்து இரண்டு மணிக்குள்தான் சுரக்குமாமே?" குழந்தையின் உயரத்தைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பத்து மணிக்குத் தூங்காததற்காகப் பிள்ளையை அடித்ததாக ஒரு அப்பா சொன்ன பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஹார்மோன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சுரப்பதில்லை. தூங்கத் தொடங்கிய முதல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் வரும் ஆழ்ந்த தூக்கத்தோடு சேர்ந்துதான் இரவின் பெரிய அளவு வெளிவருகிறது. ஒன்பதுக்குத் தூங்கினால் பத்து மணியை ஒட்டி, பதினொன்றுக்குத் தூங்கினால் நள்ளிரவை ஒட்டி. தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் அதுவும் கூடவே தள்ளிப்போகிறது என்பது 1960களிலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். அதோடு முடிவதும் இல்லை. பிறகும் இரவில் சில முறை, பகலிலும் சில முறை விட்டு விட்டுச் சுரக்கும். ஒரு திருவிழா இரவு கண் விழித்ததால் எந்தக் குழந்தையும் குட்டையாகிவிடாது. (விட்டு விட்டுச் சுரப்பதால்தான் பகலில் ஒருமுறை ரத்தம் எடுத்து 'ஹார்மோன் கம்மி' என்று முடிவு கட்டக் கூடாது. தயவுசெய்து அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படாதீர்கள்.)

அப்படியானால் தூக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஏழு வயதுப் பையன் ஒருவன், ஒரு வருடத்தில் 3 செ.மீ. மட்டுமே வளர்ந்திருந்தான். அந்த வயதில் 5 செ.மீ.யாவது எதிர்பார்ப்போம். ஒன்பது மணிக்கே படுத்துவிடுவான் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். குறட்டை விடுவானா என்று கேட்டபோது, "நல்லா அசந்து தூங்குவான், அவங்க அப்பா மாதிரியே குறட்டை" என்றார். வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, தலையணை நனைய வியர்த்துத் தூங்குகிறான். டான்சிலும் அடினாய்டு சதையும் வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருந்தன. மூச்சு தடைபடும்போதெல்லாம் ஆழ்ந்த தூக்கம் கலைகிறது. மூச்சை இழுக்கப் போராடுவதிலேயே சாப்பிட்டதில் ஒரு பகுதி செலவாகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த வருடத்தில் 7 செ.மீ. வளர்ந்தான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். உயரம் குறைவதற்குத் தைராய்டு, குடல், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு.

உயரம் கூட்டும் பவுடரை வாங்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். அது படிப்புக்கும், கவனத்துக்கும், உடல் எடைக்கும்கூடத் தேவை. வாரத்தில் பல நாள் குறட்டை விட்டால், மூச்சு நின்று திணறி மறுபடி வந்தால், ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து, அளவுகள் எழுதிய தாளோடு குழந்தை மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.