வங்கியில் 48,200 வெள்ளி, சங்கத்திடம் 8,800 வெள்ளி

"பேங்க்ல பணம் ஏறியிருக்கு. நீங்க பற்றாக்குறைன்னு சொல்றீங்க. அப்போ பணம் எங்கே போச்சு?"

மார்ச் மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது இது மூன்றாவது முறை. கேட்டவர் எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர், நான் அண்ணன் என்று அழைப்பவர். அவர் குரலில் இருந்த சந்தேகம் என்னைச் சுருக்கென்று குத்தியது. என் தொழில் கணக்குத் தணிக்கை. அதனால் உறுப்பினர்கள் கையில் தாளைக் கொடுத்துவிட்டால் போதும், புரிந்துவிடும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். இந்த முறை தாளை மூடிவைத்துவிட்டு மேசையில் ஐந்து உறைகளை வைத்துப் பேசினேன்.

டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்தது 48,200 வெள்ளி. முதல் உறையில் 20,000. ஏழை மாணவர்களின் கல்விக்கென்று நன்கொடையாளர்கள் கொடுத்த பணம் அது, அதற்கு மட்டும்தான் செலவிடலாம். இரண்டாவது உறையில் 9,000. இளையர் தமிழ்ப் பட்டறைக்கு 15,000 வெள்ளி மானியம் வந்தது, 6,000 செலவாகியிருக்கிறது. பட்டறை நடக்காவிட்டால் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாவதில் 3,000. அறுபது பேர் அடுத்த ஆண்டுச் சந்தாவை டிசம்பரிலேயே கட்டிவிட்டார்கள். நான்காவதில் 7,400. டிசம்பர் விருந்துக்கான பில், ஜனவரியில் கட்டினோம். ஐந்தாவது உறையில் மிஞ்சியது 8,800. அதுதான் சங்கத்தின் பணம்.

வங்கி இருப்பு முழுவதையும் சங்கத்தின் சொந்தப் பணம் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் விஷயம். ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லித் தம்பி உங்கள் கணக்கில் 800 வெள்ளி போடுகிறார். அன்றைக்கு உங்கள் இருப்பு 800 கூடியிருக்கும். அதை வைத்து நீங்கள் சோபா வாங்குவீர்களா? சங்கத்தில் மட்டும் ஏன் வாங்கச் சொல்கிறோம்? நான் தணிக்கை பார்த்த ஒரு சங்கம் இப்படித்தான் மானியப் பணத்தை ஆண்டு விழாவில் செலவழித்துவிட்டது. யாரும் திருடவில்லை. வங்கியில் இருந்தது, எடுத்தார்கள். பிறகு மானியத்தைத் திருப்பிக் கட்ட உறுப்பினர்களிடம் கை நீட்ட வேண்டியிருந்தது.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முந்தைய டிசம்பர் 31 அன்று வங்கியில் 31,100 இருந்தது. கல்வி நிதி 20,000 போக, சங்கத்தின் சொந்தப் பணம் 11,100. இந்தக் கணக்காண்டின் இறுதியில் அது 8,800. குறைந்தது 2,300. முழுவதும் விருந்தில் போனது. டிக்கெட் விற்று 5,100 வந்தது, செலவு 7,400. மற்ற வரவும் செலவும் சரிக்குச் சரி. வங்கி இருப்பு ஏன் ஏறியது? மானியத்தின் மீதி உள்ளே வந்தது, முன்கூட்டிய சந்தா உள்ளே வந்தது, விருந்து பில் இன்னும் வெளியே போகவில்லை.

அந்த பில்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஜனவரியில் கட்டினோம் என்பதால் அதை அடுத்த ஆண்டுக் கணக்கில் போட்டிருந்தால், டிக்கெட் பணம் 5,100 மட்டும் இந்த ஆண்டு வரவாக நின்றிருக்கும். விருந்தில் லாபம் என்று கைதட்டியிருப்போம். சாப்பிட்டது எந்த ஆண்டோ, செலவும் அந்த ஆண்டுக்குத்தான். எப்போது கட்டினோம் என்பது வேறு விஷயம்.

எங்களைப் போன்ற சிறிய சங்கங்களில் செயற்குழுவில் இல்லாத உறுப்பினர் இருவர் தணிக்கை பார்ப்பது வழக்கம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் வங்கி அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி அறிக்கைகளையும் கேளுங்கள். அதில் வெளியே போன ஒவ்வொரு பெரிய தொகைக்கும் பில்லை எடுத்து, வேலை எப்போது நடந்தது என்று பாருங்கள். விடுபட்ட செலவு அங்கேதான் மாட்டும். அப்புறம், உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒன்று: நிகழ்ச்சிப் பணத்தை யாருடைய கைப்பேசி எண்ணுக்கும் பேநவ் செய்யாதீர்கள். சங்கத்தின் யூஇஎன் எண்ணுக்கே அனுப்புங்கள், எதற்கான பணம் என்று குறிப்பில் எழுதுங்கள். "நன்கொடை" என்று மட்டும் எழுதினால் அது எந்த உறைக்கு உரியது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

அண்ணன் ஐந்தாவது உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தனை மாசம் தாங்கும்ப்பா?" என்றார். அறை வாடகை, காப்புறுதி எல்லாம் சேர்த்து மாதம் 1,100 என்றேன். எட்டு மாதம். விருந்துக்கு வந்தவர்கள் 170 பேர், டிக்கெட் 30 வெள்ளி, தலைக்குச் செலவு ஏறக்குறைய 43.50. அடுத்த விருந்துக்கு 45 என்று அவரே முன்மொழிந்தார்.