புளூ ஸோன்: வரைபடத்தில் போட்ட நீல மை வட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

நூறு வயதைப் பற்றி எதைப் படித்தாலும் இரண்டாவது பத்திக்குள், நூறு வயதுக்காரர்கள் அதிகம் என்று பேசப்படும் இடங்களைக் குறிக்கும் ‘புளூ ஸோன்’ வந்துவிடுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘நீல மண்டலம்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஏன் நீலம், எது மண்டலம் என்று யாரும் நின்று கேட்பதில்லை. கேட்டால் நல்லது, ஏனென்றால் இந்தச் சொல் பிறந்த கதைக்குள்ளேயே அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் இருக்கிறது.

நீலத்துக்குக் காரணம் மை, அவ்வளவுதான். இத்தாலியின் சார்டீனியா தீவில் நூறு வயது கடந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்று 1990களின் இறுதியில் மருத்துவர் ஜான்னி பெஸ் சொன்னபோது மற்ற ஆய்வாளர்கள் நம்பவில்லை. வயதைச் சரிபார்ப்பதில் கைதேர்ந்த பெல்ஜிய மக்கள்தொகை ஆய்வாளர் மிஷெல் பூலேன் இதைச் சோதிக்க வந்தார். எந்த ஊரில் பிறந்தவர்கள் அதிகமாக நூறைத் தொட்டிருக்கிறார்களோ அந்த ஊரை வரைபடத்தில் நீல மையால் குறித்தார்கள். குறிகள் தீவெங்கும் சிதறாமல் கிழக்குப் பக்கத்து மலைக் கிராமங்களில் நெருக்கமாகக் குவிந்தன. அந்த நீலத் திட்டைத்தான் தங்களுக்குள் ‘நீலப் பகுதி’ என்று பேசிக்கொண்டார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அதுவே பெயராகிவிட்டது. ஸோன் என்பது கிரேக்க வேர். ‘இடைக்கச்சை’ என்று பொருள். மண்டலம் வடமொழி, வட்டம் என்று பொருள். அந்த வகையில் ‘நீல மண்டலம்’ தற்செயலாக மூலத்துக்கு நெருங்கித்தான் வருகிறது, ஆனால் இன்று மண்டலம் என்றதும் நமக்கு வட்டமா நினைவுக்கு வருகிறது? எல்லை போட்டு அறிவித்த நிர்வாகப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் 2005இல் அமெரிக்க எழுத்தாளர் டான் பியூட்னர் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழில் எழுத, சொல் உலகத்துக்குப் போனது. சார்டீனியாவோடு ஜப்பானின் ஒகினாவா, கோஸ்டா ரிகாவின் நிகோயா, கிரேக்கத்தின் இகாரியா, அமெரிக்காவின் லோமா லிண்டா என்று பட்டியல் ஐந்தாக வளர்ந்தது, பெயர் பதிவுசெய்த வணிகக் குறியாகவும் ஆனது. ஒரு எண்ணிக்கைக்கு வைத்த பெயர், ஒரு வாழ்க்கைமுறைக்கான பெயராக மாறிய இடம் இதுதான். குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண்ணிக்கை எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தால் இது விளங்கும். ஓர் ஊரில் இன்று எத்தனை பேர் நூறு வயதோடு இருக்கிறார்கள் என்று எண்ணினால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் இளைஞர்கள் பிழைப்புக்காக வெளியேறிய ஊரில் மிஞ்சியிருப்பது கிழவர்கள்தான், விகிதம் தானாகவே ஏறிவிடும். ஆகவே பூலேனும் பெஸ்ஸும் தலைகீழாகப் போனார்கள். 1880 முதல் 1900 வரை அந்த ஊரில் பிறந்த எல்லாரையும் பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அவர்களில் எத்தனை பேர் நூறைத் தொட்டார்கள் என்று, அவர்கள் பிறகு எங்கே போய் வாழ்ந்திருந்தாலும் சரி, தேடினார்கள். கணக்கு விளங்க ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆண்டுகளில் 2,000 குழந்தைகள் பிறந்து, 10 பேர் நூறைக் கண்டார்கள் என்றால் அளவு 0.5 விழுக்காடு. இன்னொரு ஊரில் அதே 2,000இல் 3 பேர்தான் என்றால் முதல் ஊர் மூன்று மடங்குக்கும் மேல். பெரிய வித்தியாசம்தான். ஆனால் முதல் ஊரிலும் 1,990 பேர் நூறைக் காணாமலே போனார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

வயதைச் சரிபார்ப்பது இதைவிடக் கடினமான வேலை. சார்டீனியாவில் ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. அண்ணனின் பிறப்புப் பதிவைத் தம்பிக்குப் பொருத்திவிட்டால் தம்பிக்குச் சில வயது சும்மா கூடிவிடும். அதனால் ஒரு பிறப்புச் சான்று போதாது. கூடப் பிறந்தவர்கள் எல்லாருடைய பிறப்பு இறப்புகளையும் வரிசையாக அடுக்கி, தாயின் வயதோடும் திருமண, இறப்புப் பதிவுகளோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எக்குவடோரின் வில்கபாம்பா பள்ளத்தாக்குதான் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பாடம். 1970களில் அது நூறு வயதுக்காரர்களின் ஊர் என்று உலகப் புகழ் பெற்றிருந்தது. மாசெஸ், ஃபோர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் போய்ப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். ஊரிலேயே மூத்தவர் 1944இல், உண்மை வயது 61ஆக இருந்தபோது, தனக்கு 70 என்று சொல்லியிருக்கிறார். ஐந்து ஆண்டு கழித்து 80. 1970இல், உண்மையில் 87, அவர் சொன்னது 121. முதுமைக்கு மரியாதை கிடைக்கும் இடத்தில் எழுபதைத் தாண்டியதும் வயது ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஏறத் தொடங்கிவிடுகிறது. 1979இல் அவர்கள் முடிவை வெளியிட்டபோது, அந்த ஊரில் நூறு வயதைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை.

பிறப்புப் பதிவு சரியாக இருந்தாலும் இறப்புப் பதிவு விடுபடலாம். 2010இல் ஜப்பானில் குடும்பப் பதிவேட்டின்படி நூறைக் கடந்திருந்தும் இருப்பிடம் தெரியாதவர்கள் 2,30,000க்கும் மேல் என்று தெரியவந்தது. இவர்கள் ஆயுள் புள்ளிவிவரத்தில் அப்படியே சேர்ந்துவிடவில்லை, அது வேறு கணக்கு. ஆனாலும் ஏடு மட்டும் ஆளாகிவிடாது என்பதற்கு இது போதும். அமெரிக்காவில் மாநிலங்கள் முழுமையாகப் பிறப்பைப் பதியத் தொடங்கிய பிறகு 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 விழுக்காடு வரை விழுந்ததாக ஆய்வாளர் சால் நியூமன் காட்டினார். நீலப் பகுதிகளின் வயதுக் கணக்கும் இப்படிப்பட்ட பதிவுப் பிழைகளால் ஊதியதுதான் என்று அவர் வைக்கும் குற்றச்சாட்டு கனமானது. சார்டீனியாவைப் பொறுத்தவரை நான் பெஸ், பூலேன் பக்கம்தான் சாய்கிறேன், காரணம் மேலே சொன்ன குடும்பம் குடும்பமான சரிபார்ப்பு. எல்லா இடத்துக்கும் அந்த நம்பிக்கையை நீட்ட மாட்டேன்.

சரி, வயது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காரணம் என்ன? சாப்பாடா, நடையா, மரபணுவா?

வாழ்க்கைமுறைக்கு வலுவான ஆதாரம் லோமா லிண்டா பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் அது நூறு வயதைப் பற்றிய ஆதாரமே இல்லை. கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த சுமார் 34,000 பேரை 1976இலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புகையும் மதுவும் விலக்குகிற, பலர் சைவமாகவும் இருக்கிற மக்கள். அதே மாநிலத்தின் மற்ற வெள்ளையின மக்களைவிட ஆண்கள் 7.3 ஆண்டும் பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஏழு ஆண்டு என்பது எந்த மருந்தும் எளிதில் தராத அளவு, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தக் கூடுதல் ஆண்டுகள் பெரும்பாலானவர்களை எண்பதுகளுக்குள் கொண்டுபோகின்றன. எண்பத்தைந்திலிருந்து நூறு வரை போவது வேறு பயணம்.

அந்தப் பயணத்தில் மரபணுவின் பங்கு ஏறுகிறது. டென்மார்க் இரட்டையர் ஆய்வில் பொதுவான ஆயுள் வேறுபாட்டில் மரபின் பங்கு கால்வாசிதான். ஆனால் நூறு கண்டவர்களின் உடன்பிறப்புகளைப் பார்த்தால் படம் மாறுகிறது. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வில், அதே தலைமுறையின் மற்றவர்களைவிட அவர்களுடைய சகோதரர்கள் நூறைத் தொடும் வாய்ப்பு 17 மடங்கு, சகோதரிகளுக்கு 8 மடங்கு. ஒரே வீட்டில் வளர்ந்ததும் இதற்குள் கலந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் 2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் இதே பக்கம் கைகாட்டுகிறது. 95ஐத் தாண்டிய 477 அஷ்கெனாசி யூதர்களின் நடுவயதுப் பழக்கங்களைக் கேட்டபோது எடை, புகை, மது, உடற்பயிற்சி எல்லாம் அவர்கள் காலத்துச் சாதாரண மக்களுடையதைப் போலவே இருந்தன. அதே பழக்கங்களோடு அவர்களின் சமகாலத்தவர் முன்பே போய்விட்டார்கள். இதைப் படித்துவிட்டுப் பழக்கம் வீண் என்று முடிவு கட்டினால் தவறு. அபூர்வமான உடல்வாகு உள்ள சிலருக்கு அது தடையாகவில்லை, மற்றவர்களுக்கு ஆனது.

மூன்றாவது பங்கு தற்செயலுக்கு. 17 மடங்கு என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆயிரத்தில் இரண்டு பேர் நூறைத் தொடும் தலைமுறை என்றால், 17 மடங்கு என்பது ஆயிரத்தில் 34. மீதி 966 பேர், அதே பெற்றோருக்குப் பிறந்தும், போய்ச் சேரவில்லை. ஆய்வகத்தில் ஒரே மரபணு கொண்ட நுண்புழுக்களை ஒரே தட்டில் ஒரே உணவில் வளர்த்தாலும் ஒன்று பத்து நாளில் சாகிறது, இன்னொன்று முப்பது நாள் இருக்கிறது. எந்த உயிரணுவில் எப்போது எந்தப் பிழை விழுகிறது என்பதில் யாரும் திட்டமிடாத சிதறல் இருக்கிறது. இதை ‘விதி’ என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விதி முன்பே எழுதப்பட்டது, இது எழுதப்படாதது. தற்செயல்தான் சரியான சொல்.

இனி பெயருக்கு வருவோம். ‘நீடுவாழ் வட்டாரம்’ என்றுதான் முதலில் யோசித்தேன், காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் நீடுவாழ் என்பது வினைத்தொகை. வாழ்ந்த, வாழ்கிற, வாழும் என்று மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருக்கும். அங்கே போனால், அவர்களைப் போல் சாப்பிட்டால், நாமும் நீடு வாழ்வோம் என்ற எதிர்கால வாக்குறுதி அதற்குள் நுழைந்துவிடுகிறது. ஆய்வில் அது இல்லை. நிகோயாவையே பாருங்கள். அங்கே 1905இல் பிறந்த ஆண்களின் முதிர்வயது இறப்பு விகிதம் கோஸ்டா ரிகாவின் மற்ற ஆண்களைவிட 33 விழுக்காடு குறைவு. 1945இல் பிறந்தவர்களுக்கு 10 விழுக்காடு அதிகம். லூயிஸ் ரொசேரோ-பிக்ஸ்பி 2023இல் வெளியிட்ட கணக்கு இது. இடம் அதே இடம், மேன்மை மட்டும் தலைமுறையோடு போய்விட்டது.

அதனால் என் தேர்வு ‘நூறு கண்டோர் வட்டாரம்’. கண்டோர் என்பதில் இறந்தகாலம் வெளிப்படையாக இருக்கிறது, யார் என்பதும் இருக்கிறது, வட்டாரம் என்பதில் அந்த மை வட்டமும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பயன்படுத்தும்போது பிறந்த ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்: “1880க்கும் 1900க்கும் இடையில் பிறந்தவர்களை வைத்துச் சார்டீனியாவின் கிழக்கு மலைக் கிராமங்கள் நூறு கண்டோர் வட்டாரமாக அறியப்பட்டன.”