வார்ப்புரு அல்ல, வாய்பாடு

மெய்ப்புத் திருத்த வந்த மொழியியல் நூலொன்றில் போன வாரம் மறுபடியும் அதே சொல்: ‘வார்ப்புரு உருபனியல்’. உருபனியல் என்பது சொற்கள் எப்படி அமைகின்றன என்று ஆராயும் மொழியியல் பிரிவு. இந்த ஆண்டில் மூன்றாவது முறை பார்க்கிறேன். அடித்துவிட்டு ‘வாய்பாட்டு உருபனியல்’ என்று எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் ஏன் என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பொருள். அரபியிலும் எபிரேயத்திலும் பெரும்பாலான சொற்களின் அடியில் மூன்று மெய்கள் இருக்கும். கருத்து அந்த மெய்களில் இருக்கிறது. எந்த உயிர் எங்கே வரும், முன்னால் மகரம் சேருமா, நடுமெய் இரட்டிக்குமா என்பதெல்லாம் தனியாக ஓர் அமைப்பாக வரும். இரண்டும் பின்னிக்கொண்டால் சொல்.

உதாரணத்துக்கு அரபு நாடு வரை போக வேண்டாம். நம் கோர்ட்டு, கச்சேரிச் சொற்களான ஆஜர், மகஜர், ஹுசூர் மூன்றும் பாரசீகம், உருது வழியாக வந்த அரபுச் சொற்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றே: ஹ்-ள்-ர், முன்னிலையில் இருத்தல். நடுவில் உள்ள ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரமாக எழுதுவார்கள். பாரசீகத்தில் அது ஜகரம் போல ஒலிக்கும். ரமளானும் ரம்ஜானும் ஒன்றாக இருப்பது இதனால்தான். ஹாளிர் என்றால் முன்னால் இருப்பவர். அது ஆஜர் ஆனது. மஹ்ளர் என்றால் முன்னிலையாகும் இடம். அது பலர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திடும் ஆவணத்தைக் குறித்து, மகஜர் ஆனது. ஹுளூர் என்றால் முன்னிலை, சன்னிதானம், அது ஹுசூர்.

இப்போது வேரை மாற்றி, ஹாளிரின் உயிர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மெய்க்குப் பின் ஆ, இரண்டாவதற்குப் பின் இ. வாரிஸ், சொத்தை அடைபவர், நம் வாரிசு. ளாமின், பொறுப்பேற்பவர், நம் ஜாமீன். எல்லாமே ‘செய்பவர்’ என்ற பொருளில் ஒரே அமைப்பு.

இந்த அமைப்புக்குத்தான் வார்ப்புரு என்கிறார்கள். வார்ப்பு என்பது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது. ஊற்றப்படுவதற்கு முன் அதற்கென்று ஒரு வரிசை கிடையாது. ஹ்-ள்-ர் அப்படி அல்ல, முன்பின் மாறினால் வேறு வேர். தவிர, வார்ப்புரு என்றால் வார்த்து எடுத்த உரு என்றுதான் காதில் விழுகிறது. குறிக்க வேண்டியதோ அச்சை. கணினித் தமிழில் டெம்ப்ளேட்டுக்கு வழங்கும் சொல்லை, அது இங்கே பொருந்துமா என்று பார்க்காமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடுகிறார்களே தவிர, அந்த மொழிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

அரபு இலக்கணத்தார் சொல்வது வஸ்ன். நேர்ப்பொருள் எடை, அளவு. செய்யுள் சந்தத்துக்கும் அதே பெயர். வஸ்னைக் காட்ட அவர்கள் ஃபா, ஐன், லாம் என்ற மூன்று எழுத்துகளை மாதிரி வேராக வைத்துக்கொள்கிறார்கள். ஹாளிர் என்பது ‘ஃபாஇல்’ வஸ்ன், மஹ்ளர் என்பது ‘மஃப்அல்’ வஸ்ன். அந்த மாதிரி வேரின் பொருள் ‘செய்’. எபிரேயத்திலும் வினை வகைகளுக்கு இதே வேரிலிருந்துதான் பெயர்.

நம் இலக்கணத்தைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபட வேண்டும். ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்கிறோமே, அங்கேயும் மாதிரி வினை ‘செய்’தான். தொல்காப்பியமே வினையெச்சங்களை ‘செய்து, செய்யூ, செய்பு’ என்று அடுக்குகிறது. யாப்பிலும் தேமா, புளிமா என்பவற்றுக்கு வாய்பாடு என்றுதான் பெயர். இலக்கணம், செய்யுள் இரண்டுக்கும் பொதுவாக வழங்கும் வஸ்னுக்கு, இரண்டுக்கும் பொதுவாக வழங்கும் சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஓடி, போய், தொட்டு மூன்றும் பார்வைக்கு ‘செய்து’ மாதிரியே இல்லை. ஆனாலும் ‘செய்து’ வாய்பாடு. அரபியிலும் க்-வ்-ல் என்ற வேர் ‘ஃபஅல’ வஸ்னில் ‘கவல’ என்று வர வேண்டும்; நடு வகரம் உயிர்களுக்கிடையில் கரைந்து ‘கால’ (சொன்னான்) என்று நிற்கிறது. அது ‘ஃபஅல’ வஸ்ன்தான். வார்ப்பில் இப்படி அச்சுக்குப் பொருந்தாமல் வந்தால் கழித்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

‘பெருக்கல் வாய்பாடு நினைவுக்கு வருமே’ என்றார் மொழிபெயர்ப்பாளர். வரட்டும். ‘வேதியியல் வாய்பாடு’ என்றும் எழுதுகிறோம், யாரும் குழம்பவில்லை.

அதே பக்கத்தில் ஹ்-ள்-ர் போன்றவற்றை ‘வேர்ச்சொல்’ என்று எழுதியிருந்தார். அது சொல்லே அல்ல, வாயில் உச்சரிக்கவே முடியாது. ‘வேர்மெய்’ என்று மாற்றினேன், சரி என்றார்.

ஓரிடத்தில் மட்டும், வாய்பாடு பொருந்துமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டது நியாயம். 1979இல் மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி இந்த அமைப்பை இன்னும் பிரித்தார்: உயிர்கள் தனி அடுக்கு, மெய்-உயிர் இடங்களின் வரிசை தனி அடுக்கு. கத்தப (எழுத வைத்தான்), குத்திப (எழுதவைக்கப்பட்டான்) இரண்டிலும் இடவரிசை ஒன்றே, உயிர்கள் மட்டும் வேறு. மெக்கார்த்தி டெம்ப்ளேட் என்பது அந்த வெறும் வரிசையைத்தான். வாய்பாட்டில் உயிர்களும் அடங்கிவிடுவதால் அங்கே அது பொருந்தாது. அந்த அத்தியாயத்தில் மட்டும் ‘சட்டகம்’ என்று போட்டிருக்கிறோம்.