சர்ப்ரைஸ் பிறந்தநாள் அழைப்பு: ரகசியம் எந்த வரியில் உடைகிறது?

சர்ப்ரைஸ் விழா என்றதும் குழந்தைகள் வாய் தவறி உளறிவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிட அதிகம் பயப்பட வேண்டியது, வர முடியாத உறவினரைப் பற்றி. "அண்ணி, ஞாயிறு வர முடியாது போலிருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று விழா நாயகிக்கே ஒரு போன் வந்தால் போதும். பேசியவருக்கு ரகசியத்தை உடைக்கும் எண்ணமே இல்லை. விசேஷத்துக்கு வர முடியாவிட்டால் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை என்று பழகியவர் அவர். குறை அழைப்பில்தான் இருக்கிறது. வர முடியாதவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காட்பாடி காந்தி நகரில் இருக்கும் அம்மாவுக்கு 12-ம் தேதி புதன்கிழமை ஐம்பது வயது. 16-ம் தேதி ஞாயிறு மாலை வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மினி ஹால். விருந்தினர் 40 பேர், வாட்ஸ்அப்பில் சுமார் 20 போன்கள். மகள் சித்தப்பாவுக்கு அனுப்பும் அழைப்பு இப்படி இருக்கலாம்:

"சித்தப்பா, இது அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. 16-ம் தேதி ஞாயிறு சாயங்காலம் அம்மாவோட ஐம்பதாவது பிறந்தநாளைச் சத்துவாச்சாரியில் வச்சிருக்கோம். அப்பாவோட ஆபீஸ் நண்பர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போறோம்னு நினைச்சுப் பட்டுப்புடவை கட்டிட்டு வருவாங்க. கதவைத் திறந்தா உள்ளே நீங்க எல்லாரும். பத்தாவது கூடப் படிச்ச மூணு பேர் குடியாத்தத்திலிருந்து வர்றாங்க. அம்மா அவங்களைப் பார்த்து முப்பது வருஷம் ஆச்சு.

நீங்க 6.45-க்குள் உள்ளே இருக்கணும். அம்மா 7.30-க்கு வருவாங்க. 7.15 தாண்டிட்டா வாசலுக்கு வராம எனக்குப் போன் பண்ணுங்க. புதன்கிழமை எப்பவும் போல அம்மாவைக் கூப்பிட்டு வாழ்த்துங்க, ஞாயிறு பத்தி மட்டும் பேச வேண்டாம். எத்தனை பேர் வர்றீங்கன்னு 9-ம் தேதிக்குள் எனக்கே சொல்லுங்க. வர முடியலைன்னாலும் எனக்கே சொல்லுங்க, வீட்டு போனுக்கு வேண்டாம்."

இதில் ஆவலைத் தூண்டுவது ஆச்சரியக்குறிகள் அல்ல. "கதவைத் திறந்தா உள்ளே நீங்க" என்ற காட்சியும், முப்பது வருடம் பார்க்காத தோழிகளும்தான். "மறக்க முடியாத மாலை", "கோலாகலக் கொண்டாட்டம்" என்று எழுதினால் எந்த வீட்டு அழைப்புக்கும் அது பொருந்தும். யார் வருகிறார்கள், அந்த நொடியில் என்ன நடக்கும் என்று ஒன்றிரண்டு உண்மையான விவரம் சொன்னால், படித்தவர் அந்த நொடிக்குள் தானும் இருக்க நினைப்பார். சீக்கிரம் வருவதற்கும் அதுவே காரணமாகும்.

"தெரியாது, தெரியவும் கூடாது" என்பது முதல் வரியில் இருந்தே ஆக வேண்டும். கடைசியில் எழுதினால், பாதி படித்ததுமே சந்தோஷத்தில் போனை எடுத்துவிடுவார்கள். ஆனால் பூட்டிய போனின் திரையில் தெரிவதும் அதே முதல் வரிதான். அந்தப் போன் டைனிங் டேபிளில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மாவாகவே இருக்கலாம். அதனால் அழைப்பை எடுத்த எடுப்பில் அனுப்பாதீர்கள். முதலில் "சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?" என்று மட்டும் அனுப்புங்கள். பதில் வந்தால் போன் அவர் கையில், உங்கள் உரையாடல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அனுப்பும் செய்தி அறிவிப்பாக எட்டிப் பார்க்காது. பதிலிலேயே "உங்க வீட்லதான் இருக்கேன்மா" என்று வந்தால், அன்றைக்கு அனுப்ப வேண்டாம்.

அழகான படமாகச் செய்த அழைப்பிதழை எல்லோரும் விரும்புகிறார்கள். எங்கள் கருத்தில் சர்ப்ரைஸுக்கு அது வேண்டாம். வாட்ஸ்அப் படம் பலருடைய போனில் தானாகவே கேலரியில் சேர்ந்துவிடும். பேரன் போட்டோ காட்டுகிறேன் என்று போனைத் தள்ளும்போது அம்மாவின் பெயரும் தேதியும் போட்ட அட்டை நடுவில் வந்து நிற்கும். புதிய குரூப்பும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் குடும்பக் குரூப்பில் அம்மாவும் இருப்பார். இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், யாராவது ஒருவர் தவறான இடத்தில் "நாங்க நாலு பேர்" என்று போடுவார். அழித்தாலும் செய்தி நீக்கப்பட்ட தடம் அங்கே கிடக்கும், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். 20 பேருக்குத் தனித்தனியாக, அவரவர் முறை சொல்லி அனுப்ப ஒரு மாலை போதும். பெரியவர்களுக்கு முதலில் போனில் பேசிவிட்டு அனுப்புங்கள். வெறும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் "நேர்ல வந்து கூப்பிடலையே" என்ற வருத்தம் நேராக அம்மாவின் காதுக்குத்தான் போகும்.

நேரத்தை எழுதுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. "6 மணிக்குள் வந்துவிடுங்கள்" என்று எழுதினால், ராகுகாலம் பார்க்கும் பெரியவர்கள் 6 மணிக்குப் பிறகுதான் வீட்டைவிட்டே கிளம்புவார்கள். அதனால்தான் மேலே 6.45 என்று இருக்கிறது. அம்மா வரும் நேரத்தையும் சேர்த்தே எழுதியதற்குக் காரணம், ஒரே ஒரு நேரம் கொடுத்தால் நம் ஊரில் அதற்கு மேல் அரை மணி சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான். ரிசப்ஷன் கதைக்கும் காலண்டர் தேவை. மறுநாள் முகூர்த்த நாளாக இருந்தால் ஞாயிறு மாலை ரிசப்ஷனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்தக் கதை நிற்காது. வேறு கதை தேட வேண்டும், அதுவும் பட்டுப்புடவை கட்டக் காரணம் தருவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் அலங்கரித்துக்கொண்டு நிற்க, விழா நாயகி மட்டும் வீட்டுப் புடவையில் கூச்சப்பட்டு நிற்பார். போட்டோவில் அது தெரியும்.

புதன்கிழமை வாழ்த்தச் சொன்ன வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "அதான் ஞாயிறு பார்க்கப் போறோமே" என்று உறவினர் எல்லோரும் பிறந்தநாளன்று பேசாமல் இருந்துவிட்டால், அம்மாவுக்குச் சந்தேகம் வரும் அல்லது மனசு நோகும். இரண்டாவது இன்னும் மோசம்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: "ரயிலில் வந்தா காட்பாடியில் இறங்கி நேரா சத்துவாச்சாரிக்கு வந்துடுங்க. வீட்டுக்கு வர வேண்டாம், தங்க ஏற்பாடு பண்ணியிருக்கோம்." ஊரிலிருந்து வந்தவர் வழக்கம்போல வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்ப நினைத்தால் கதை அங்கேயே முடிந்தது. வண்டியில் வருபவர்கள் அடுத்த தெருவில் நிறுத்தட்டும். மச்சான் வண்டியின் நம்பர் அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும்.

அழைப்பில் கொடுக்கும் எண், அன்று மாலை அம்மாவோடு காரில் வருபவருடையதாக இருக்கக் கூடாது. இந்த வீட்டில் அப்பா அழைத்து வருகிறார், மகள் ஹாலில் இருக்கிறாள். தாமதமாக வருபவரின் போனை அவளால்தான் எடுத்துப் பேச முடியும்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு எல்லோருக்கும் கடைசியாக ஒரு செய்தி போக வேண்டும்: "ஹாலுக்குள் வந்ததும் போட்டோ எடுங்க. ஸ்டேட்டஸ் மட்டும் 8 மணிக்கு மேல் போடுங்க." 6.50-க்குப் போட்ட ஸ்டேட்டஸை, பாலாற்றுப் பாலத்தில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அம்மா திறந்து பார்ப்பதற்கு நிறைய நேரம் இருக்கிறது.