‘அனாலஜி’ என்றால் உவமை இல்லை: ஒரு தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

‘ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் அனாலஜி’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சிலர் ‘உவமை’ என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஒன்றை இன்னொன்று மாதிரி என்று அழகுக்குச் சொல்லவில்லை. அனலோகியா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கணக்கில் விகிதப் பொருத்தம் என்றுதான் பொருள், அதனால் ‘ஒப்புமை’ என் தேர்வு. ‘மாஸ்’தான் வம்பு. தமிழ்நாட்டில் அது நிறை, இலங்கையில் திணிவு, அங்கே நிறை என்றால் எடை! எனவே ‘வெப்ப, பொருள் பெயர்ச்சி ஒப்புமை’ என்றால் இரண்டு பக்கமும் குழப்பம் இல்லை.

சரி, எதற்கு எது ஒப்பு? காற்றில் வெப்பம் பரவுகிற வேகமும் நீராவி பரவுகிற வேகமும் ஏறக்குறைய ஒன்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது லூயிஸ் எண், நீராவிக்குச் சுமார் 0.86. அதனால் நீர்ப்பரப்புக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பக் கெழு h தெரிந்தால், ஆவியை அளக்காமலேயே ஆவிக்கான கெழு hm கிடைத்துவிடும். இதில் ρ காற்றின் அடர்த்தி, cp அதன் தன்வெப்பம், Le லூயிஸ் எண்:

```
hm = h / (ρ · cp · Le^(2/3))
```

ஒரு சதுர மீட்டர் திறந்த தொட்டி, காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், நீரின் மேற்பரப்பு 27 டிகிரி, இளங்காற்றுக்கு h சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ρ·cp கனமீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 1180 ஜூல், ஆக hm நொடிக்கு 0.0094 மீட்டர். மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஒரு கனமீட்டருக்கு 25.8 கிராம் ஆவி, தள்ளி இருக்கும் காற்றில் 15.2, வித்தியாசம் 10.6. பெருக்கினால் நொடிக்கு 0.1 கிராம், அதாவது மணிக்கு 360 கிராம், நீர்மட்டம் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும்.

பலர் சறுக்குவது மேற்பரப்பு வெப்பநிலையில். தண்ணீரும் 30 டிகிரிதானே என்று போட்டால் விடை நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊதிப்போகும். அப்புறம், ஆவியாவதற்கே இந்தத் தொட்டிக்கு 240 வாட் போல வேண்டும், 3 டிகிரி வித்தியாசத்தில் காற்று தருவதோ 30 வாட்தான். மிச்சத்தை வெயிலோ தொட்டிநீரோ கொடுத்தாக வேண்டும், நிழலில் இருக்கும் தொட்டி என்றால் நீர் குளிர்ந்துகொண்டே, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையான 22 டிகிரியை நோக்கி இறங்கும், ஆவியாதலும் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் காற்றின் வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு வந்து கணக்குப் போடாதீர்கள், மேற்பரப்பிலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.