வெள்ளை உடைஞ்ச டைல் ஒட்டுனா மாடி சூடு குறையுமா, ஒட்டுனது வெடிக்காம இருக்க என்ன பண்ணணும்

மொட்டை மாடில உடைஞ்ச டைல் துண்டு ஒட்டுறத பத்தி யார் கேட்டாலும் நான் முதல்ல கேக்குறது டைல் என்ன கலர்ங்கறதுதான். சூட்டை குறைக்கிற வேலையில முக்கால்வாசி அந்த வெள்ளை நிறம்தான் பண்ணுது. டைல், கலவை எல்லாம் சேர்ந்து நாலஞ்சு சென்டிமீட்டர் கனம் வந்தாலும் சூட்டைத் தடுக்குற சக்தி அதுல கொஞ்சம்தான், ஏன்னா சிமெண்ட் கலவை சூட்டை நல்லாவே கீழ கடத்தும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நல்ல உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல சுமாரா 1000 வாட் விழுது. சாம்பல் கலர் சிமெண்ட் தளம்னா அதுல 700 வாட் வரைக்கும் உள்ள வாங்கிக்கும். பளபளப்பான வெள்ளை டைல் 300 வாட் அளவுக்குத்தான் வாங்கும், மீதிய திருப்பி அனுப்பிடும். ஆனா மாடி முழுக்க டைல் கிடையாதே, துண்டுக்கு நடுவுல இடுக்கு இருக்கே, அந்த இடுக்கு அஞ்சுல ஒரு பங்கு இருந்து அதுல சாம்பல் சிமெண்ட் அடைச்சிருந்தா சராசரி 380க்கு ஏறிடும். அதனாலதான் இடுக்குல வெள்ளை சிமெண்ட் போடச் சொல்றது, துண்டுகளையும் நெருக்கமா வைக்கணும். மிச்சம் மீதி கிடைச்சதுன்னு பிரவுன், கரும்பச்சை டைல் ஒட்டுன மாடி பாக்க அழகா இருக்கும், சூடு மட்டும் வெறும் தளத்தை விட பெரிசா குறையாது.

இன்னொண்ணு, அழுக்கு. தூசியும் பாசியும் படிஞ்சா வெள்ளை மங்கும், பலனும் அதோட போயிடும். சோப்புத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேச்சா போதும். ஆசிட் ஊத்தாதீங்க, டைலுக்கு ஒண்ணும் ஆகாட்டியும் இடுக்குல இருக்கிற சிமெண்ட்டை அது தின்னுடும், அப்புறம் அந்த வழியா தண்ணி இறங்கும்.

இப்ப வெடிப்புக்கு வருவோம். எங்க சித்தப்பா வீட்டு மாடி 12 மீட்டர் நீளம், ஒரே பரப்பா எங்கயும் இடைவெளியே விடாம ஒட்டிட்டாங்க, ரெண்டாவது கோடைல கைப்பிடிச்சுவர் ஓரமா ரெண்டடி நீளத்துக்கு டைல் அப்படியே கூடாரம் மாதிரி எழும்பி நின்னுச்சு. "டேய், நல்ல கொத்தனாரத்தானடா வச்சோம்"னு சித்தப்பாவுக்கு ஒரே வருத்தம். கொத்தனார் ஒட்டுனதுல குறை இல்ல, இடைவெளி விடாததுதான் தப்பு. சிமெண்ட் கலவை ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டுக்கு சுமாரா 0.01 மில்லிமீட்டர் நீளும். விடிகாலைக்கும் மத்தியானத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம்னா 12 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். கீழ இருக்கிற கான்கிரீட் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, அதனால மேல் பூச்சு மட்டும் நீளப் பாக்குது, ரெண்டு பக்கமும் சுவர் முட்டுது, போக இடமில்லாம பிடிமானம் குறைஞ்ச இடத்துல மேல எழும்புது.

இதுக்கு மருந்து இடைவெளிதான். சுமாரா 3 மீட்டருக்கு ஒரு தடவை ரெண்டு திசையிலயும், சுவர் ஓரம் நெடுகவும் 8லிருந்து 10 மில்லிமீட்டர் விடணும். டைல்ல மட்டும் விட்டா பத்தாது, கலவையோட முழு கனத்துக்கும் இருக்கணும், அடியில வாட்டர் ப்ரூஃபிங் இருந்தா அது வெட்டுப்படாம பாத்துக்கணும். உள்ள பஞ்சு மாதிரி இருக்கிற ஃபோம் கயிறு ஒண்ணை வச்சு அதுக்கு மேல பாலியூரித்தேன் சீலன்ட் போடணும், அது ரப்பர் மாதிரி இழுபடும், அமுங்கும். அங்க சிமெண்ட்டை அடைச்சீங்கன்னா இடைவெளி விட்டதே வீண். ஒட்டுறப்ப துண்டுகளை தண்ணில ஊறப்போடணும், காஞ்ச துண்டு கலவைல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டா பிடிப்பு வராது. முடிஞ்சப்புறம் ஒரு வாரம் ஈரம் காயாம பாத்துக்கணும்.

ஏற்கனவே வெடிச்சிருந்தா வெடிப்பைப் பாத்தே ஓரளவு காரணம் சொல்லலாம். இடுக்குல மட்டும் மயிரிழை மாதிரி இருந்தா கலவை சீக்கிரம் காஞ்சதால வந்தது, அத வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சா போதும். டைல் துண்டையே பிளந்துக்கிட்டு நேர்கோடா ஓடுனா வெடிப்புக்கு குறுக்க ரெண்டு பக்கமும் பென்சிலால ஒரு புள்ளி வச்சு விடிகாலைலயும் மத்தியானமும் நடுவுல உள்ள தூரத்தை அளந்து பாருங்க. காலைல அகலமாவும் வெயில்ல குறுகலாவும் இருந்தா அது சூட்டுல அசையுற வெடிப்பு, சிமெண்ட் அடைச்சா திரும்பவும் வெடிக்கும், அந்தக் கோட்டையே வெட்டி அகலப்படுத்தி சீலன்ட் போடுங்க. அதே நேர்கோடு கீழ் வீட்டு சீலிங்லயும் தெரிஞ்சா தளமே வெடிச்சிருக்கு, எஞ்சினியர் பாக்காம மேல எதையும் பூசாதீங்க.

எழும்புன இடத்தை மரக்கட்டையால தட்டிக்கிட்டே போங்க, டொக்குனு வெத்துச் சத்தம் வர்ற இடம் முழுக்க கலவை கழண்டிருக்கு. சித்தப்பா வீட்டுல ரெண்டடி எழும்புனதுக்கு சுத்தி அஞ்சடி அப்படி சத்தம் கேட்டுச்சு, அவ்வளவையும் பேத்துட்டு சுவர் ஓரம் இடைவெளி விட்டு ஒட்டுனாங்க. நடுவுல ரெண்டு திசையிலயும் கட்டர் வச்சு கோடு வெட்டி சீலன்ட் போட்டாங்க.