கல்லூரி சீட்டை எந்தத் தேதியில் விட்டீர்கள் என்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்கிறதா?

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான பெற்றோர் வருவார்கள். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி சீட்டைப் பிடித்திருப்பார்கள். அப்புறம் பொறியியல் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியிலோ, பிள்ளை ஆசைப்பட்ட வேறு படிப்பிலோ இடம் கிடைத்துவிடும். சந்தோஷம்தான். ஆனால் முன்னால் கட்டிய இரண்டு லட்சம் என்னாகும் என்ற கேள்வி அன்று இரவே தொடங்கிவிடும்.

"மேடம், போன்ல அன்னைக்கே சொல்லிட்டேன், வேண்டாம்னு" என்பார்கள். நான் முதலில் கேட்பது, அதை எழுதிக் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில் என்பதுதான். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. திரும்பக் கிடைக்கும் தொகை ஏறக்குறைய முழுவதுமே அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

விதி இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். சேர்க்கைக்கு அந்த நிறுவனம் முறைப்படி அறிவித்த கடைசி நாளை மையமாக வைத்து அதில் கணக்குப் போடுகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். கட்டணம் 2,00,000 ரூபாய், கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 16 அல்லது அதற்கு முன் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகையும் வரும். நடைமுறைச் செலவுக்கென்று கட்டணத்தில் 5 சதவீதம் வரை பிடிக்கலாம், ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆகஸ்ட் 17 முதல் 31 வரை என்றால் 90 சதவீதம், அதாவது 1,80,000. செப்டம்பர் 15 வரை 1,60,000. செப்டம்பர் 30 வரை 1,00,000. அதற்கு அடுத்த நாள் கொடுத்தால் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட வராது. காஷன் டெபாசிட் என்று வாங்கும் காப்புத்தொகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதை எந்த நிலையிலும் முழுதாகத் தர வேண்டும்.

பார்த்தீர்களா, ஒரே ஒரு நாள் தாமதத்தில் ஒரு லட்சம் போய்விடுகிறது. போனில் சொன்ன தேதி இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. எழுதிக் கொடுத்த விண்ணப்பம் கைக்குக் கிடைத்த நாளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது.

இந்த அட்டவணைக்கு மேல் இன்னொன்றும் உண்டு. கலந்தாய்வுகள் தள்ளிப்போவதால் சில கல்வியாண்டுகளுக்கு யுஜிசி தனியாகத் தேதி அறிவித்திருக்கிறது. 2024-25 ஆண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தர வேண்டும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம் என்றிருந்தது. மாணவருக்கு இது எவ்வளவோ சாதகம். ஆனால் கல்லூரி அலுவலகத்தில் இதைத் தானாக எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. உங்கள் பிள்ளை சேரும் வருடத்துக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று ugc.gov.in தளத்தில் பார்த்து, இருந்தால் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2024-இல் எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அப்பா மளிகைக் கடை வைத்திருப்பவர். மே மாதம் மகளுக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக 25,000 ரூபாய் கட்டினார். ஜூனில் மீதிக் கட்டணம் 1,90,000, காப்புத்தொகை 10,000. ஆக மொத்தம் 2,25,000. ஆகஸ்ட் கடைசியில் கலந்தாய்வின் மூன்றாவது சுற்றில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும் அதுதான் விருப்பம்.

அங்கே சேர டிசி வேண்டும். டிசியோ பழைய இடத்தில் இருந்தது. நேரில் போனார்கள். கவுன்டரில் ஒரு படிவத்தை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் டிசி தருகிறோம் என்றார்கள். அதன் தலைப்பு "படிப்பை இடைநிறுத்துவதற்கான விண்ணப்பம்". கடைசி வரியில் "கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கோர மாட்டேன்". அப்பா அங்கேயே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். புதிய கல்லூரியில் சேர இரண்டே நாள்தான் பாக்கி.

சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவே அவர்களுக்கு உரிமை கிடையாது. அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், மாணவர் கையெழுத்திட்ட நகலைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அதே 2018 அறிவிக்கை. ஆனால் கவுன்டரில் நின்று சட்டம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும், புது சீட்டும் போய்விடும். அதனால் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். படிவத்தின் அந்தக் கடைசி வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்படியே போட்டுக் கொடுத்து டிசியை வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் அதே நாளில் மெயில் அனுப்புங்கள் என்றேன். அடித்ததை அவர்கள் ஏற்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார், டிசி கைக்கு வந்தது. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து மகளின் போனிலிருந்து மெயில் போனது. தேதி செப்டம்பர் 2. பதிவாளர், சேர்க்கை அலுவலகம், நிதி அலுவலர் மூவருக்கும் அனுப்பினார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"எனது விண்ணப்ப எண் இது. பி.டெக். முதலாம் ஆண்டுச் சேர்க்கையை ஏற்றிருந்தேன். வேறு படிப்பில் சேர்வதால் அந்தச் சேர்க்கையிலிருந்து இன்று 02.09.2024 விலகுகிறேன். நான் செலுத்திய 2,25,000 ரூபாயை யுஜிசி விதிப்படி திருப்பித் தரக் கோருகிறேன். இன்று டிசி பெறுவதற்காக மட்டுமே உங்கள் படிவத்தில் கையெழுத்திட்டேன். கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரசீதுகளும் வங்கி விவரமும் இணைப்பில்."

"விலகுகிறேன்" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இடைநிறுத்தம் என்பது படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் போவது. அதற்குச் சில இடங்களில் மீதி வருடக் கட்டணத்தையும் கேட்பார்கள். சேர்க்கையை ரத்து செய்வது வேறு. அவர்கள் படிவத்தில் எந்தச் சொல் இருந்தாலும் உங்கள் கடிதத்தில் சரியான சொல்லைப் போடுங்கள். மெயிலோடு நிறுத்தாமல் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 1,05,000 தருகிறோம் என்றார்கள். 1,90,000-இல் பாதி 95,000, அதோடு காப்புத்தொகை 10,000. முதலில் கட்டிய 25,000 "இடத்தை உறுதிசெய்யும் தொகை, திரும்பத் தரப்படாது" என்று அவர்களுடைய கையேட்டில் இருப்பதாக ஒரு வரி.

இங்கேதான் ரசீதைப் பார்க்க வேண்டும். மே மாத ரசீதை வாங்கிப் பார்த்தேன். வெப்பத்தாளில் அடித்தது, எழுத்து மங்கிப்போயிருந்தது. கீழே சின்ன எழுத்தில் "கல்விக் கட்டணத்தில் சரிக்கட்டப்படும்" என்று இருந்தது. சரிக்கட்டப்படும் என்றால் அது கட்டணம்தான். முன்பணம், பிளாக்கிங், உறுதித்தொகை என்று எந்தப் பெயர் வைத்தாலும் கட்டணத்தின் ஒரு பகுதி கட்டணத்துக்குரிய விதிக்குள்தான் வரும். நிறுவனம் தன் கையேட்டில் எழுதிக்கொண்டதால் யுஜிசி விதி மாறிவிடாது. விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டிய 1,200 ரூபாயை நாங்கள் கேட்கவில்லை. அது சேர்க்கைக் கட்டணத்தில் சேராதது.

பதில் வந்ததும் நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை முதல் வழியாக நான் சொல்வதில்லை. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதால், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் அபாயம் இருக்கிறது. அதைவிட யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். கட்டணம் திருப்பித் தராததும் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் அங்கே கொடுக்கக்கூடிய புகார்கள். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடவே யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் (samadhaan.ugc.ac.in) புகாரைப் பதியலாம். நாங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தோம். இணைத்தது நான்கு தாள்: விலகல் மெயில், ரசீதுகள், அவர்களின் பதில், அந்த ஆண்டுக்கான யுஜிசி அறிவிப்பு.

எல்லாச் சேர்க்கைக்கும் இந்தக் கணக்கு ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீட் வழி மருத்துவ இடங்களுக்குக் கலந்தாய்வு விதி தனி. அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்றில் விலகினால் பாதிப்பில்லை. இரண்டாம் சுற்றில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும், நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளுக்கு அது 2,00,000 ரூபாய். இன்னொன்று, ஏஜென்ட் கையில் கொடுத்த பணம். பல்கலைக்கழகத்தின் பெயரில் ரசீது இல்லாத தொகையை எந்த விதியை வைத்தும் பல்கலைக்கழகத்திடம் கேட்க முடியாது. கல்விக் கடனில் கட்டியிருந்தால் திரும்பும் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் கடன் கணக்குக்கே போகலாம். அதனால் விலகும்போதே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அதே வருடம் இன்னொரு அப்பா வந்தார். மகன் செப்டம்பரிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். தினமும் போன் செய்து கேட்டிருக்கிறார், "பார்க்கிறோம் சார்" என்றே பதில் வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தது நவம்பர் 12. அக்டோபர் 31 தாண்டிவிட்டது. அந்த நிறுவனத்தின் சேர்க்கைக் கடைசி நாளிலிருந்து 30 நாளும் முடிந்துவிட்டது. தன் போனின் அழைப்புப் பட்டியலைக் காட்டினார், ஒரே எண்ணுக்குப் பதினேழு அழைப்பு. அதில் என்ன பேசினார்கள் என்பதற்கு ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. காப்புத்தொகை 15,000 மட்டும் வாங்கிக் கொடுக்க முடிந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மளிகைக் கடைக்காரருக்கு நவம்பர் தொடக்கத்தில் 2,00,000 வந்தது. பாக்கி 25,000-க்காக மே மாத ரசீதின் அந்த வரியைப் பெரிதாக்கி நகலெடுத்து, குறைதீர் குழுவுக்கு இரண்டாவது கடிதம் போட்டோம். டிசம்பர் மூன்றாவது வாரம் அதுவும் கணக்கில் ஏறிவிட்டதென்று அவர் கடையிலிருந்து போன் செய்தார்.